கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரைபு: இரண்டுக்கு இரண்டு காரணிப் பரிசோதனையில் இடைத்தாக்கத்தை வாசிக்கும் வழி

உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் செய்யும் ஒருவரிடம், "யூரியாவைக் கூட்டிப் போட்டால் விளைச்சல் கூடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் அவர் பதில் தரமாட்டார். "கிணற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று உங்களையே கேட்பார். தண்ணீர் தாராளமாக இருந்தால் ஒரு பதில், இல்லையென்றால் வேறு பதில். பசளையின் பலன் தண்ணீரின் நிலையைப் பொறுத்து மாறுகிறது என்பதை அவர் அறிந்திருக்கிறார். புள்ளிவிபரவியலில் இதைத்தான் இடைத்தாக்கம் என்கிறோம். தமிழகத்து நூல்களில் இடைவினை, ஊடாட்டம் என்ற சொற்களையும் காணலாம்.

தோட்டக்காரருக்கு இயல்பாகத் தெரிந்த இந்த விடயம் ஆய்வறிக்கைக்குள் வரும்போது தொலைந்துபோகிறது. இளமாணிப் பட்ட ஆய்வுகளை வாசிக்கும்போது நான் அடிக்கடி காண்பது இது: இரண்டு கோடுகள் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்ளும் வரைபு ஒன்று அழகாக வரையப்பட்டிருக்கும். அதற்குக் கீழேயே "யூரியா விளைச்சலைச் சற்றுக் கூட்டியது" என்ற முடிவு எழுதப்பட்டிருக்கும். அந்த முடிவை மறுக்கும் படம் அதற்கு நேர் மேலேயே இருக்கிறது. படத்தை வரைந்தவரே அதை வாசிக்கவில்லை. எப்படி வாசிப்பது என்பதை ஒரே ஓர் உதாரணத்தை முழுமையாகப் பின்தொடர்ந்து காட்டுகிறேன். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்தத் தோட்டத்திலும் நிறுத்து எடுத்தவை அல்ல. ஆனால் அவற்றின் போக்கு நடக்கக்கூடியதுதான்.

பரிசோதனையை அமைத்தல்

இரண்டு காரணிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று இறைப்பு: ஆறு நாளுக்கு ஒருமுறை, அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் விடும் தண்ணீரின் அளவு ஒன்றே. எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை இறைத்த பாத்தி மொத்தத்தில் இரு மடங்கு தண்ணீர் பெறுகிறது. இதை ஆரம்பத்திலேயே எழுதிவைக்க வேண்டும். "இறைப்பு" என்ற காரணி இடைவெளியையும் மொத்த அளவையும் சேர்த்தே குறிக்கிறது. இரண்டையும் பின்னர் பிரிக்க முடியாது. மற்றக் காரணி யூரியா: பரிந்துரைத்த அளவில் பாதி, அல்லது ஒன்றரை மடங்கு. காரணிக்கு இரண்டு மட்டங்கள் வீதம் நான்கு சேர்க்கைகள் கிடைக்கின்றன. இரண்டுக்கு இரண்டு என்று சொல்வது இதனால்தான்.

ஏன் இரண்டையும் ஒரே பரிசோதனையில் வைக்க வேண்டும்? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கக்கூடாதா? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை செய்த ஃபிஷர் 1926 இல் எழுதிய கட்டுரையிலேயே பதில் இருக்கிறது: இயற்கையிடம் பல கேள்விகளை ஒன்றாகக் கேட்பதே நல்லது என்பது அவருடைய வாதம். அதே நிலையத்தில் இருந்த யேற்ஸ் 1937 இல் இத்தகைய பரிசோதனைகளை அமைக்கும் முறையையும் கணக்கிடும் முறையையும் விரிவாகத் தொகுத்தார். வாதத்தின் வலிமை நம் எண்களிலேயே தெரியும், சற்றுப் பொறுங்கள்.

தரையில் அமைப்பது இப்படி. மூன்று மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவில் பதினாறு பாத்திகள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் சில இடங்களில் கிட்டவாகவும் சில இடங்களில் ஆழமாகவும் கிடக்கிறது. ஒரே தோட்டத்துக்குள்ளேயே மண் ஆழம் வேறுபடும். ஆகவே பதினாறையும் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒரு தொகுதிக்குள் இருக்கும் நான்கு பாத்திகளும் இயன்றவரை ஒரே மாதிரியான மண்ணில் அமைய வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நான்கு சேர்க்கைகளும் ஒவ்வொரு முறை வருகின்றன. எது எந்தப் பாத்திக்கு என்பதைத் துண்டுச் சீட்டுப் போட்டு எழுமாற்றாகத் தீர்மானிக்கிறோம், தொகுதிக்குத் தொகுதி புதிதாக.

தண்ணீரைக் காரணியாக வைக்கும்போது ஒரு தனி ஆபத்து உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை இறைக்கும் பாத்தியின் ஈரம் மண்ணுக்கு ஊடாகப் பக்கத்துப் பாத்திக்குக் கசியும். அப்படிக் கசிந்தால் வறண்டிருக்க வேண்டிய பாத்தி வறண்டிருக்காது. இரண்டு மட்டங்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். நாம் தேடும் இடைத்தாக்கம் உண்மையில் இருப்பதைவிடச் சிறிதாகத் தோன்றும். பாத்திகளுக்கு இடையில் ஒரு மீற்றராவது வெறுமையாக விடுங்கள். ஓரத்து வரிசைகளை நிறுவையில் சேர்க்காதீர்கள். மாரி மழைக் காலத்தில் இந்தப் பரிசோதனையை நடத்தவே வேண்டாம்: ஒரு நாள் கன மழை பெய்தாலே "ஆறு நாளுக்கு ஒருமுறை" என்பதற்குப் பொருள் இல்லாமற் போய்விடும்.

நான்கு சராசரிகள்

அறுவடை செய்து, எல்லாப் பாத்தி வெங்காயத்தையும் ஒரே அளவு நாட்கள் உலர்த்தி நிறுத்த பிறகு நம் கையில் இருக்கும் அட்டவணை இது. எண்கள் கிலோவில்.

| தொகுதி | 6 நாள் இறைப்பு, குறைந்த யூரியா | 6 நாள் இறைப்பு, கூடிய யூரியா | 3 நாள் இறைப்பு, குறைந்த யூரியா | 3 நாள் இறைப்பு, கூடிய யூரியா |
|---|---|---|---|---|
| 1 | 7.9 | 6.2 | 8.3 | 13.4 |
| 2 | 6.4 | 3.9 | 8.9 | 11.0 |
| 3 | 7.6 | 5.6 | 7.4 | 12.7 |
| 4 | 6.1 | 4.3 | 7.4 | 10.9 |
| சராசரி | 7.0 | 5.0 | 8.0 | 12.0 |

மேலே விட்ட கேள்விக்கு இப்போது திரும்புவோம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் ஒருவர் 7 கிலோவில் தொடங்குகிறார்: குறைந்த தண்ணீர், குறைந்த யூரியா. யூரியாவை மட்டும் கூட்டுகிறார். 5 ஆகக் குறைகிறது. "யூரியா கூடாது" என்று அதைப் பழைய அளவுக்கே கொண்டுவருகிறார். பிறகு தண்ணீரை மட்டும் கூட்டுகிறார், 8 கிடைக்கிறது. "இவ்வளவுதான்" என்று நிறுத்திக்கொள்கிறார். 12 கிலோ தரும் பாத்தியை அவர் தம் வாழ்நாளில் காணவேமாட்டார். நான்காவது சேர்க்கையை யாராவது செய்து பார்த்தால்தான் அது வெளிவரும். காரணிப் பரிசோதனை அந்த நான்காவது மூலையையும் கட்டாயமாக நட்டுப் பார்க்க வைக்கிறது.

இனி பிரதான விளைவு. யூரியாவின் பிரதான விளைவைக் காண, தண்ணீரை மறந்துவிட்டு யூரியாவின் இரு மட்டங்களையும் சராசரியாக்குகிறோம். கூடிய யூரியா: 5 உம் 12 உம் சேர்ந்து சராசரி 8.5. குறைந்த யூரியா: 7 உம் 8 உம் சேர்ந்து 7.5. வித்தியாசம் ஒரு கிலோ. மேலே சொன்ன "சற்றுக் கூட்டியது" என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு கிலோ எந்தப் பாத்தியில் விளைந்தது? ஆறு நாளுக்கு ஒருமுறை இறைத்தவருக்கு யூரியா இரண்டு கிலோ நட்டம். மூன்று நாளுக்கு ஒருமுறை இறைத்தவருக்கு நான்கு கிலோ இலாபம். இவை ஒவ்வொன்றும் எளிய விளைவு எனப்படும்: மற்றக் காரணியை ஒரு மட்டத்தில் நிறுத்திவைத்துப் பார்க்கும் விளைவு. ஒரு கிலோ என்பது நட்டத்தையும் இலாபத்தையும் கூட்டி இரண்டால் வகுத்ததால் வந்த எண். அதை அனுபவித்த தோட்டக்காரர் ஒருவரும் இல்லை.

இடைத்தாக்கத்தின் அளவு இந்த இரு எளிய விளைவுகளின் வித்தியாசம்: 4 இலிருந்து −2 ஐக் கழித்தால் 6. வித்தியாசங்களின் வித்தியாசம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்திலிருந்தும் கணக்கிட்டுப் பாருங்கள். குறைந்த யூரியாவில் தண்ணீரின் விளைவு 8 − 7 = 1. கூடிய யூரியாவில் 12 − 5 = 7. இவற்றின் வித்தியாசமும் 6 தான். எந்தப் பக்கத்திலிருந்து கழித்தாலும் இந்த எண் மாறாது. மாறினால் எங்கோ கூட்டலில் தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம். பரீட்சை மண்டபத்தில் இது நல்ல சரிபார்ப்பு.

வரைபை இரண்டு முறை வரையுங்கள்

எனக்கு இதில் மிக முக்கியமானதாகத் தோன்றும் படி இது. பெரும்பாலோர் ஒரே ஒரு வரைபு வரைந்து நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் கிடை அச்சில் யூரியாவை வையுங்கள்: இடப்பக்கம் குறைந்தது, வலப்பக்கம் கூடியது. நிலை அச்சில் விளைச்சல். மூன்று நாள் இறைப்புக்கான கோடு 8 இல் தொடங்கி 12 க்கு ஏறுகிறது. ஆறு நாள் இறைப்புக்கான கோடு 7 இல் தொடங்கி 5 க்கு இறங்குகிறது. கோடுகள் இடப்பக்கம் கிட்ட இருந்து வலப்பக்கம் அகன்று விரிகின்றன. வெட்டிக்கொள்ளவில்லை.

இப்போது புதிய தாளில் கிடை அச்சில் இறைப்பை வையுங்கள்: இடப்பக்கம் ஆறு நாள், வலப்பக்கம் மூன்று நாள். குறைந்த யூரியாவின் கோடு 7 இலிருந்து 8 க்கு மெல்ல ஏறுகிறது. கூடிய யூரியாவின் கோடு 5 இலிருந்து 12 க்குச் செங்குத்தாகப் பாய்கிறது. இடப்பக்கம் கீழே இருந்த கோடு வலப்பக்கம் மேலே வந்துவிட்டது. வெட்டிக்கொள்கின்றன.

அதே நான்கு எண்கள். ஒரு தாளில் வெட்டு இல்லை, மறு தாளில் வெட்டு இருக்கிறது. ஆகவே "வெட்டினால் இடைத்தாக்கம் உண்டு, வெட்டாவிட்டால் இல்லை" என்று தனியார் வகுப்புக் குறிப்புகளில் மனப்பாடமாக வரும் வாக்கியம் தவறு. இடைத்தாக்கத்தைச் சொல்வது கோடுகள் சமாந்தரமாக இல்லாமை. வெட்டு சொல்வது அதற்கு மேலான ஒரு செய்தி: கோடுகளாக வரையப்பட்ட காரணியின் எந்த மட்டம் சிறந்தது என்ற வரிசை, கிடை அச்சின் இரு முனைகளிலும் தலைகீழாகிறது.

நம் எண்களில் இது எப்படிப் பொருந்துகிறது என்று நிதானமாகப் பாருங்கள். இரண்டாவது தாளில் கோடுகள் யூரியாவின் மட்டங்கள். அவை வெட்டுகின்றன. எனவே எந்த யூரியா அளவு நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை: ஆறு நாள் இறைப்பில் குறைந்தது நல்லது, மூன்று நாள் இறைப்பில் கூடியது நல்லது. முதல் தாளில் கோடுகள் இறைப்பின் மட்டங்கள். அவை வெட்டவில்லை. எனவே எந்த இறைப்பு நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் உண்டு: இரு யூரியா அளவிலும் சராசரியில் மூன்று நாள் இறைப்பே கூட விளைகிறது, எவ்வளவு கூட என்பது மட்டும் மாறுகிறது. தண்ணீரின் பிரதான விளைவான நான்கு கிலோவைத் தயக்கமின்றி எழுதலாம், கூடவே அது ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையில் மாறுகிறது என்பதையும் சேர்த்து. யூரியாவின் பிரதான விளைவான ஒரு கிலோவைத் தனியே எழுதக்கூடாது. ஒரே பரிசோதனையில் ஒரு பிரதான விளைவு நம்பத்தக்கது, மற்றது வழிதவறச் செய்வது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் மட்டுமே இது கண்ணில் படும்.

இரண்டு தாளிலும் வெட்டும் பரிசோதனைகளும் உண்டு. உளவியல் மாணவர்களுக்குத் தெரிந்த உதாரணம் கொடன், பேட்லி இருவரும் 1975 இல் வெளியிட்ட ஆய்வு. சுழியோடிகள் சொற்பட்டியலைக் கரையிலோ நீருக்கடியிலோ கற்றார்கள். பிறகு கரையிலோ நீருக்கடியிலோ நினைவுகூர்ந்தார்கள். கரையில் கற்றது கரையிலும், நீரில் கற்றது நீரிலும் கூடுதலாக நினைவில் வந்தது. அங்கே கற்ற இடம் எது நல்லது, நினைவுகூரும் இடம் எது நல்லது என்ற இரு கேள்விகளுக்குமே தனித்த பதில் இல்லை; பொருத்தம்தான் பதில். இவ்வளவு தெளிவான கத்தரிக்கோல் படமும் உறுதியானது என்று எண்ணிவிடக்கூடாது. 2021 இல் வெளிவந்த ஒரு மீள்பரிசோதனையில் அந்த வடிவம் கிடைக்கவில்லை.

வெட்டுப் புள்ளியை வாசிக்காதீர்கள்

இரண்டாவது தாளில் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்று அளவுகோல் வைத்துப் பார்த்தால், ஆறு நாளிலிருந்து மூன்று நாளை நோக்கி மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இருக்கும். அதாவது "ஐந்து நாள்". "ஐந்து நாளுக்கு ஒருமுறை இறைத்தால் யூரியாவின் அளவு ஒரு பொருட்டல்ல" என்று எழுத கை துடிக்கும். எழுதாதீர்கள். ஐந்து நாள் இறைப்பை நாம் செய்து பார்க்கவில்லை. இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு கண்ணுக்கு உதவியாக நாம் இழுத்தது. நடுவில் விளைச்சல் வளைந்து போகிறதா, திடீரென விழுகிறதா என்று இரு புள்ளிகளால் சொல்ல முடியாது. அந்த இடம்தான் தேவை என்றால் நான்கு நாள், ஐந்து நாள் என்று மட்டங்களைக் கூட்டி மறுபடி நட வேண்டும். வெங்காய இனம், ஆண் பெண், காலை மாலை போன்ற காரணிகளில் நிலைமை இன்னும் தெளிவு: அங்கே நடுப்புள்ளி என்று ஒன்றே கிடையாது.

வெட்டு உண்மையா, தற்செயலா

நான்கு சராசரிகளை வைத்து வரைந்தால் கோடுகள் ஒருபோதும் சரியாகச் சமாந்தரமாக வராது. இடைத்தாக்கம் துளியும் இல்லாத தோட்டத்திலும் எலி தின்ற ஒரு மூலை, கல் கூடிய ஒரு பாத்தி என்று ஏதாவது கோட்டைச் சரிக்கும். இரு கோடுகளும் கிட்டக்கிட்ட ஓடினால் சும்மாவே வெட்டிக்கொள்ளும். எனவே படத்தைப் பார்த்த பிறகு சிதறலைப் பார்க்க வேண்டும்.

தொகுதிகளாக நட்டதால் இதைக் கைக்கணக்காகவே செய்யலாம். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வித்தியாசங்களின் வித்தியாசத்தைத் தனியே கணக்கிடுங்கள். முதல் தொகுதியில் நல்ல தண்ணீரில் யூரியாவின் விளைவு 13.4 − 8.3 = 5.1. குறைந்த தண்ணீரில் 6.2 − 7.9 = −1.7. வித்தியாசம் 6.8. இதே போல மற்றத் தொகுதிகளில் 4.6, 7.3, 5.3 வரும். நான்கு தொகுதிகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன, சராசரி 6.0. இந்த நான்கு எண்களின் நியம விலகல் ஏறத்தாழ 1.26. அதை நான்கின் வர்க்கமூலமான இரண்டால் வகுத்தால் நியம வழு 0.63. மூன்று சுயாதீனப் படிக்கான t அட்டவணைப் பெறுமானம் 3.18, அதை 0.63 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2. ஆக இடைத்தாக்கம் 6, அதன் 95 சதவீத நம்பிக்கை எல்லை ஏறத்தாழ 4 இலிருந்து 8 வரை. பூச்சியம் அதற்குள் இல்லை. இடைத்தாக்கம் இருக்கிறது.

இங்கேயே நிறுத்துகிறவர்கள் பலர். ஆனால் நாம் நிறுவியது கோடுகள் சமாந்தரமாக இல்லை என்பதை மட்டுமே. வெட்டுகின்றன என்பதை அல்ல. வெட்டை நிறுவ, இரு எளிய விளைவுகளும் எதிர்த் திசைகளில் தெளிவாக நிற்க வேண்டும். குறைந்த தண்ணீரில் நான்கு தொகுதிகளிலும் யூரியாவின் விளைவு −1.7, −2.5, −2.0, −1.8, அதே முறையில் எல்லை −2.6 இலிருந்து −1.4 வரை. நல்ல தண்ணீரில் 5.1, 2.1, 5.3, 3.5, எல்லை 1.6 இலிருந்து 6.4 வரை. ஒன்று முழுவதும் பூச்சியத்துக்குக் கீழே, மற்றது முழுவதும் மேலே. இப்போதுதான் "யூரியாவின் பலன் தலைகீழாகிறது" என்று எழுத உரிமை வருகிறது. முதல் எல்லை −2.6 இலிருந்து 0.5 வரை என்று வந்திருந்தால், "நல்ல தண்ணீரில் பலன் கூட; குறைந்த தண்ணீரில் பலன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை" என்பதோடு நிற்க வேண்டும், படத்தில் கோடுகள் எவ்வளவு அழகாக வெட்டினாலும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இரண்டு தனிப் பரிசோதனை செய்து, ஒன்றில் விளைவு பொருளுடையது, மற்றதில் பொருளற்றது, ஆகவே இரண்டும் வேறுபடுகின்றன என்று முடிவெடுப்பது. ஓர் இடத்தில் விளைவு 2.1, பொருளுடைமைக்கான வரம்புக்கு மேலே. மற்ற இடத்தில் 1.8, வரம்புக்குச் சற்றுக் கீழே என்றால் அவற்றின் வித்தியாசம் வெறும் 0.3. வேறுபடுகின்றன என்று சொல்ல விரும்பினால் வேறுபாட்டையே சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையின் பெயர்தான் இடைத்தாக்கச் சோதனை.

கணினியில் செய்யும்போது

R மென்பொருளில் இந்தப் பரிசோதனைக்கு இரண்டு வரிகள் போதும். `neer` இல் `N3`, `N6` என்றும், `urea` இல் குறைந்ததற்கு `U1`, கூடியதற்கு `U2` என்றும் பதிந்திருக்கிறோம் என வைத்துக்கொள்ளுங்கள்.

```r
m <- aov(vilaichal ~ factor(thokuthi) + neer * urea, data = d)
summary(m)
```

நட்சத்திரக் குறி இரு பிரதான விளைவுகளையும் இடைத்தாக்கத்தையும் சேர்த்தே கேட்கிறது. வரும் அட்டவணையை மேலிருந்து கீழே வாசிப்பது பழக்கம். நீங்கள் கீழிருந்து மேலே வாசியுங்கள். முதலில் `neer:urea` வரி. அதில் தெளிவான இடைத்தாக்கம் இருந்தால், நான்கு சராசரிகளையும் இரண்டு வரைபுகளையும் பார்க்காமல் மேல் வரிகளுக்குப் போகாதீர்கள். இங்கே வழு பதினாறு பாத்திகளிலிருந்தும் சேர்த்து எடுக்கப்படுவதால் எல்லைகள் கைக்கணக்கிலிருந்து சற்று வேறுபடும்.

`aov` க்குப் பதிலாக `lm` பயன்படுத்துபவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. அதன் வெளியீட்டில் `ureaU2` என்ற வரிக்கு எதிரே +4 என்று வரும். அது யூரியாவின் பிரதான விளைவு அல்ல. மென்பொருள் அகர வரிசையில் முதலாவதான `N3` ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அந்த மட்டத்தில் மட்டும் யூரியா செய்ததைச் சொல்கிறது. `N6` ஐ அடிப்படையாக்கினால் அதே வரியில் −2 வரும். தரவு மாறவில்லை, பெயர் மாறவில்லை, குறி தலைகீழாகிவிட்டது. இதைக் கண்டு பதறிப்போய் வந்தவர்களை நான் அறிவேன். நான்கு சராசரிகளையும் கையில் வைத்திருந்தால் பதற்றம் வராது: 8 உடன் 4 ஐக் கூட்டி, தண்ணீருக்காக 1 ஐக் கழித்து, இடைத்தாக்கத்துக்காக 6 ஐக் கழித்தால் 5. வறண்ட, யூரியா கூடிய பாத்தி அதுதான்.

அளவீட்டை மாற்றினால் மறையும் இடைத்தாக்கம்

வெட்டாமல் விரியும் கோடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஓர் இடத்தில் விளைச்சல் 4 இலிருந்து 8 ஆகவும், இன்னோரிடத்தில் 6 இலிருந்து 12 ஆகவும் கூடுகிறது என்று கொள்வோம். கிலோவில் வித்தியாசங்கள் 4 உம் 6 உம், இடைத்தாக்கம் 2. ஆனால் இரு இடத்திலும் விளைச்சல் சரியாக இரட்டித்திருக்கிறது. மடக்கை எடுத்து வரைந்தால் கோடுகள் சமாந்தரமாகிவிடும். எந்த அளவீடு பொருத்தம் என்பதற்குப் பொருளறிவுதான் பதில் சொல்ல வேண்டும்: சந்தைக்குப் போவது கிலோ, ஆனால் பயிரின் வளர்ச்சி பெருக்கலாக நடக்கலாம்.

வெட்டும் கோடுகளுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. 7 ஐவிட 5 சிறியது, 8 ஐவிட 12 பெரியது. மடக்கை எடுத்தாலும் வர்க்கமூலம் எடுத்தாலும் அந்த வரிசை மாறாது. ஒரு கோடு ஏறி மற்றது இறங்கினால் எந்த அளவீடும் அவற்றைச் சமாந்தரமாக்காது. வெட்டும் வரைபைக் கண்டதும் நான் கவனமாக நிமிர்ந்து உட்காருவதற்கு இதுவே காரணம்.

காரணத்தைத் தேடி, பிறகு எழுதுங்கள்

வரைபு காரணத்தைச் சொல்லாது. பயிரிடம் கேட்க வேண்டும். யூரியா கரைந்து வேர்ப் படலத்துக்குப் போக ஈரம் வேண்டும். ஈரம் போதாமல் மேல்மண்ணிலேயே கிடந்தால், குறிப்பாகச் சுண்ணாம்புச் சார்புள்ள காரத்தன்மையான மண்ணில், அதன் நைதரசனில் ஒரு பகுதி அமோனியாவாக ஆவியாகிப் போகும். எஞ்சியது வெங்காயத்தின் ஆழமற்ற வேரைச் சுற்றி உப்புச் செறிவைக் கூட்டி, அந்த வேர் கிடைக்கும் கொஞ்ச நீரையும் உறிஞ்ச முடியாமல் தடுக்கும். இத்தகைய விளக்கம் இருந்தால் அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது: வறண்ட பாத்திகளில் மண்ணின் மின்கடத்துதிறனை அளந்தால், யூரியா கூடிய பாத்திகளில் அது உயர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. விளைச்சல் மட்டுமே நிலை அச்சில் இருந்தால் மூன்று நாள் இறைப்பும் கூடிய யூரியாவும்தான் வெல்லும். ஆனால் நம் கிணறுகளுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அந்தப் பாத்தியில் தண்ணீரோடு கீழே இறங்கும் நைத்திரேற்று குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும். யாழ்ப்பாணத்தில் இது நெடுநாள் அறிந்த பிரச்சினை. நிலை அச்சில் கிணற்று நீரின் நைத்திரேற்றை வைத்து அதே நான்கு சேர்க்கைகளையும் வரைந்தால் வேறொரு படம் கிடைக்கும்.

முடிவுப் பகுதியில் நான் எதிர்பார்க்கும் பந்தி இப்படி இருக்கும்: "யூரியாவின் விளைவு இறைப்பைப் பொறுத்து மாறியது, எளிய விளைவுகளின் வித்தியாசம் பாத்திக்கு 6.0 கிலோ, 95 சதவீத எல்லை 4.0 இலிருந்து 8.0 வரை. மூன்று நாளுக்கு ஒருமுறை இறைத்தபோது யூரியாவைக் கூட்டியதால் விளைச்சல் 8.0 இலிருந்து 12.0 கிலோவுக்கு உயர்ந்தது. ஆறு நாளுக்கு ஒருமுறை இறைத்தபோது 7.0 இலிருந்து 5.0 க்குக் குறைந்தது. ஆகவே யூரியாவின் பிரதான விளைவு தனியே விளக்கப்படவில்லை. இரு யூரியா அளவுகளிலும் சராசரியில் மூன்று நாள் இறைப்பே கூடுதலாக விளைந்தது. இம்முடிவு சோதித்த இரு இறைப்பு இடைவெளிகளுக்கும் இரு யூரியா அளவுகளுக்கும், ஒரு போகத்துக்கும் மட்டுமே உரியது." அதற்குக் கீழே இரண்டு வரைபுகளும் அடுத்தடுத்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு பாத்திகளின் எண்களும் சிறு புள்ளிகளாகத் தெரியும்படி.